கட்டுரையை முடிக்கும் பத்தி: குறிப்பேடு முதல் கடைசிச் சொல் வரை

ஈரச்சந்தையில் மசாலா அரைத்து விற்கும் ஓர் அம்மாவைப் பற்றி நான் எழுதிய ஃபீச்சர் கட்டுரை, முதல் வரைவில் இப்படி முடிந்தது:

"இவ்வாறு 41 ஆண்டுகளாக நம் சமையலறைகளுக்குச் சுவை சேர்த்துவந்த இந்தக் கடை இம்மாத இறுதியில் மூடப்படவிருக்கிறது. காலமாற்றத்தில் இதுபோன்ற பாரம்பரியத் தொழில்கள் ஒவ்வொன்றாக மறைந்துவருவது வருத்தத்துக்குரியது. இவற்றைக் கட்டிக்காப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும். அடுத்த தலைமுறை அதைச் செய்யுமா? காலம்தான் பதில் சொல்ல வேண்டும்."

இலக்கணப் பிழை இல்லை. தகவல் பிழையும் இல்லை. ஆனாலும் இதைப் படித்து முடித்தவருக்கு அந்த அம்மாவின் முகம் மறந்துபோயிருக்கும். இந்த ஒரு பத்தியை எப்படிக் கலைத்து வேறொன்றை எழுதினேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். வேறு கட்டுரைக்கும் இதே வரிசையில்தான் வேலை செய்கிறேன்.

ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது?

முதலில், எழுதிய முடிவை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் வாசகருக்கு என்ன தருகிறது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலே உள்ள முதல் வாக்கியம், வாசகர் சற்று முன் படித்ததையே சுருக்கித் தருகிறது. 900 சொற்களைப் பொறுமையாகப் படித்து வந்தவருக்கு இது தேவையில்லை. இரண்டாம் வாக்கியம், அவர் என்ன உணர வேண்டும் என்று சொல்கிறது. கட்டுரை நன்றாக அமைந்திருந்தால் வருத்தம் ஏற்கனவே வந்திருக்கும். அமையவில்லை என்றால் இந்த வரியால் வரப்போவதில்லை. மூன்றாவது, ஒரு கடமையைச் சுமத்துகிறது. மூடப்போகும் கடைக்கு வாசகர் என்ன செய்ய முடியும்? எதுவுமில்லை.

நான்காவதுதான் மோசமானது. அடுத்த தலைமுறை செய்யுமா என்று கேட்டுவிட்டுக் காலத்தின் மேல் பழியைப் போட்டேன். ஆனால் அதற்கு முந்தைய பத்தியிலேயே அம்மாவின் மகள் வங்கியில் வேலை பார்க்கிறார், கடையை எடுத்து நடத்தப்போவதில்லை என்று நானே எழுதியிருக்கிறேன். பதில் தெரிந்த கேள்வியைத் தெரியாததுபோலக் கேட்டிருக்கிறேன். "காலம்தான் பதில் சொல்லும்", "பொறுத்திருந்து பார்ப்போம்" என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் கட்டுரையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் பதில் உள்ளேயே இருக்கும். இல்லையென்றால், அது நேர்காணலில் கேட்க மறந்த கேள்வியாக இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. இந்தப் பத்தியை அப்படியே எடுத்து ஒரு தையல்காரர் பற்றிய கட்டுரையிலோ, மாலை கட்டுபவர் பற்றிய கட்டுரையிலோ ஒட்டிப் பாருங்கள். "சமையலறை" என்ற ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும், பொருந்திவிடும். எங்கும் பொருந்தும் பத்தி இந்தக் கட்டுரைக்குரியது அல்ல.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பள்ளிக் கட்டுரையில் முடிவுரைக்குத் தனி மதிப்பெண் கொடுத்தார்கள். அதில் தொகுத்துச் சொல்லி, ஒரு நீதியும் சொல்ல வேண்டும். பிறகு செய்தி எழுதப் பழகினோம். செய்தியில் முக்கியமானது முதலில், முக்கியமற்றது கடைசியில். இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவார்கள். ஆக, ஒரு பயிற்சி முடிவில் உபதேசிக்கக் கற்றுக்கொடுத்தது, மற்றொன்று முடிவே தேவையில்லை என்று கற்றுக்கொடுத்தது. ஃபீச்சர் கட்டுரைக்கு இரண்டுமே உதவாது.

கடைசிப் பத்தியை மறைத்துவிட்டுப் படிப்பது

அடுத்து, கடைசிப் பத்தியை நீக்கிவிட்டு, கட்டுரையை அதற்கு முந்தைய பத்தியோடு முடித்துப் படியுங்கள். உண்மையான முடிவு ஒரு பத்தி மேலே ஏற்கனவே எழுதப்பட்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. அதை எழுதிய பிறகும் "முடிக்கவில்லையே" என்ற பதற்றத்தில் இன்னொன்றைச் சேர்த்திருப்போம்.

என் கட்டுரையில் அப்படிச் செய்தபோது கிடைத்தது இது:

"மகள் கடைக்கு வராததில் அவருக்கு வருத்தமில்லை. 'மூணு மணிக்கு எந்திரிக்கிற இந்தப் பொழப்பு அவளுக்கு வேணாம். அவளாவது விடியிற வரைக்கும் தூங்கட்டும்' என்றார்."

பழைய முடிவைவிட இது எவ்வளவோ மேல். ஒரு மனிதர் பேசுகிறார், அவருடைய உழைப்பின் விலையும் தெரிகிறது. சில கட்டுரைகளில் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அடுத்த படிகள் தேவைப்படாது. ஆனால் இங்கே ஒன்று இடித்தது. இந்த இடத்தில் முடித்தால், கட்டுரை மகளைப் பற்றியதாகிவிடுகிறது. நான் எழுதத் தொடங்கியது மகளைப் பற்றி அல்ல.

தொடக்கம் எதைக் கேட்டது?

எனவே முதல் பத்திக்குப் போனேன். அது இப்படி இருந்தது:

"காலை ஆறு மணி. மலாய் மூதாட்டி ஒருவர் கூடையைக் கீழே வைத்து 'அசாம் பெடாஸ்' என்றார், அவ்வளவுதான். அம்மா கரண்டியை எடுத்தார். மிளகாய் விழுதிலிருந்து ஓர் அள்ளு, மஞ்சளில் கரண்டி நுனி, வெங்காயத்தில் இரண்டு. கடைசியில் எதிலிருந்தோ ஒரு சிட்டிகை. தராசு பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை."

சிங்கப்பூர் ஈரச்சந்தைகளில் இப்படிப்பட்ட கடைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. அரைத்த விழுதுகள் பாத்திரங்களில் வரிசையாக இருக்கும். என்ன சமையல் என்று சொன்னால் போதும், கடைக்காரரே அளந்து கலந்து பையில் போட்டுத் தருவார்.

இந்தப் பத்தி ஒரு கேள்வியை எழுப்புகிறது. அந்தக் கைக்கு அளவு எப்படித் தெரிகிறது? வாசகர் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனாலும் அதைச் சுமந்துகொண்டுதான் மீதிக் கட்டுரையைப் படிக்கிறார். கடை மூடுவது, மகள், வாடகை, உதவிக்கு ஆள் கிடைக்காதது எல்லாம் இடையில் வருகின்றன. அவை செய்தி. ஆனால் முதல் பத்தி தொடங்கிவைத்தது கையைப் பற்றிய ஆர்வத்தை. முடிவு அந்தக் கைக்குத் திரும்பினால்தான் கட்டுரை மூடும்.

இந்தப் படியில் நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் தொடக்கம் எழுப்பும் கேள்வியை ஒரே வரியில் ஒரு தாளில் எழுதுவது. எழுத முடியவில்லை என்றால் கோளாறு முடிவில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் முடிவோடு மல்லுக்கட்டுவது வீண்.

ஒன்றை இங்கே எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்துக்குத் திரும்புவது என்றால் தொடக்கத்தின் காட்சியை அப்படியே திரும்பக் காட்டுவது அல்ல. "மறுநாள் காலை ஆறு மணி. மீண்டும் ஒரு மூதாட்டி வந்து நிற்கிறார்" என்று முடித்தால் அது வட்டமாகத் தெரியும், ஆனால் வாசகர் எங்கும் நகர்ந்திருக்க மாட்டார். அதே கேள்விக்குத் திரும்ப வேண்டும், ஆனால் புதிதாக ஒன்றைக் கையில் கொண்டுவர வேண்டும்.

குறிப்பேட்டில் தேடுவது

அந்தப் புதிய ஒன்றை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அது குறிப்பேட்டில் இருக்கும், அல்லது இருக்காது. நான் மூன்று நாள் கடைக்குப் போயிருந்தேன். கட்டுரையில் பயன்படுத்தாமல் விட்ட குறிப்புகளை மட்டும் தனித் தாளில் எழுதினேன். முடிவாகக்கூடியவை மூன்று தேறின.

ஒன்று: கடை மூடிய பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு அம்மா, "அதை விடுங்க, இனிமே எங்க வீட்டுக்கு நான் எங்க போய் மசாலா வாங்குறது?" என்று சிரித்தார்.

இரண்டு: வங்கியில் வேலை பார்க்கும் மகள் வீட்டில் பொட்டல மசாலாவைத்தான் பயன்படுத்துகிறார்.

மூன்று: இரண்டாவது சனிக்கிழமை ஓர் இளம் மலாய்ப் பெண் வந்து, எதில் எத்தனை கிராம் என்று கேட்டு எழுதிக்கொள்ளப் பார்த்தார். அம்மா பதில் சொல்லாமல், வீட்டில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டார்.

முதலாவதைத்தான் பலரும் எடுப்பார்கள். எனக்கும் கை அங்கேதான் போனது. அழகான வரி, சிரிப்பும் வலியும் சேர்ந்தது. ஆனால் அது தனியாக நின்று கைதட்டல் வாங்கும் வரி. நாடகத்தில் திரை விழும் முன் சொல்லப்படும் வசனம்போல. அது கடை மூடுவதைப் பற்றியது, கையைப் பற்றியது அல்ல. நான் அதைத் தூக்கி எறியவில்லை. கடை மூடும் தேதியைச் சொல்லும் பத்திக்கு, கட்டுரையின் முக்கால் பங்கில், நகர்த்தினேன். அங்கே அது நன்றாக வேலை செய்தது. நல்ல மேற்கோள் எல்லாம் கடைசிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவதைக் கடைசியில் வைத்தால் வாசகர் அந்த மகளை மட்டம்தட்டிவிட்டுப் போவார். கடைசிப் பத்தியில் சொல்லப்படுவதற்குத் தீர்ப்பின் கனம் வந்துவிடுகிறது, அதன் பிறகு யாரும் எதிர்வாதம் செய்ய இடமில்லை. மகள் என்னிடம் பேசவும் இல்லை. பேசாத ஒருவரின் மேல் அந்தக் கனத்தை வைப்பது நியாயமல்ல. அதைக் கட்டுரையிலேயே சேர்க்கவில்லை.

மூன்றாவது சத்தமில்லாதது. ஆனால் தொடக்கத்தின் கேள்விக்கு நேரடியான பதில் அதில்தான் இருக்கிறது. கைக்கு அளவு எப்படித் தெரிகிறது? அது கிராமைக் கேட்பதில்லை, சாப்பிடப்போகிறவர்களைக் கேட்கிறது. இதை நான் விளக்கமாக எழுதினால் கெட்டுவிடும். காட்சியாக வைத்தால் வாசகரே கண்டுகொள்வார்.

குறிப்பேட்டில் இப்படி ஒன்றுமே இல்லையென்றால்? திரும்பிப் போக வேண்டியதுதான். அதைத் தவிர்க்க, நேர்காணல் முடிந்து நன்றி சொன்ன பிறகும் அரை மணி நேரமாவது அங்கேயே இருக்கிறேன், குறிப்பேட்டை மூடாமல். பேட்டி கொடுக்கும் நினைப்பு போய் மனிதர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பும் நேரம் அது. அந்த இளம்பெண் வந்ததும் அப்போதுதான்.

கடை மூடுவது, நிலையம் மூடுவது போன்ற கட்டுரைகளில் இந்தத் தேடல் இன்னும் அவசியம். அங்கே எல்லாருக்கும் ஒரே முடிவுதான் தோன்றும்: கதவு இறங்குகிறது, விளக்கு அணைகிறது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது, ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். அந்த நிலையத்தைப் பற்றி இன்று நீங்கள் எழுதினால், ரயில் இருட்டில் மறைவதோடு முடிக்கத்தான் கை போகும். ஆனால் வாசகருக்கு அது முதல் வரியிலேயே தெரியும். தெரிந்த ஒன்றை நோக்கி நடக்கும் கட்டுரை, அங்கே போய்ச் சேரும்போது எதையும் தருவதில்லை. அந்தப் புறப்பாட்டை நடுவிலோ முன்னாலோ வைத்துவிட்டு, அங்கே வேலை பார்த்த, சாப்பிட்ட, வழியனுப்பிய ஒருவரிடம் முடிவைத் தேடுவது நல்லது.

விதையை மேலே போடுவது

அந்த இளம்பெண்ணிடம் அம்மா கேட்டது தமிழில் அல்ல. "பெராப்பா ஓராங்?" என்று மலாயில் கேட்டார். எத்தனை பேர் என்று பொருள். அந்தத் தலைமுறைக் கடைக்காரர்கள் பலரும் இப்படிச் சந்தை மலாய் பேசுகிறவர்கள். அதைத் தமிழாக்கி "வீட்டில் எத்தனை பேர்?" என்று எழுதினால் அந்தக் குரல் போய்விடும். மலாயிலேயே விட்டால் மலாய் தெரியாத இளைய வாசகருக்கும், அண்மையில் இங்கே வந்தவருக்கும் புரியாது. கடைசிப் பத்தியில் விளக்கம் கொடுத்தால், கொடுத்த இடத்திலேயே ஓட்டம் நின்றுவிடும்.

ஆகவே முதல் பத்தியைத் திருத்தினேன். அசாம் பெடாஸ் கேட்ட மூதாட்டியிடமும் அம்மா அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார். குறிப்பில் இருந்தது, முக்கியமில்லை என்று விட்டிருந்தேன். அதைச் சேர்த்தேன்: "'பெராப்பா ஓராங்?' எத்தனை பேருக்கு என்று கேட்டுக்கொண்டே அம்மா கரண்டியை எடுத்தார்." அங்கே அது சாதாரணக் கடைப் பேச்சு. வாசகர் பொருளைத் தெரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். கடைசியில் அதே சொற்கள் வரும்போது விளக்கம் தேவைப்படாது, அப்போது அவை வேறு கனத்தோடு கேட்கும்.

முடிவு பிடிபட்ட பிறகு மேலே போய்த் திருத்துவது ஏமாற்று வேலை அல்ல, கட்டுரை எழுதுவதில் பாதி அதுதான். ஒரே ஒரு நிபந்தனை: சேர்ப்பது உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். மூதாட்டியிடம் அம்மா அப்படிக் கேட்டிருக்காவிட்டால் இந்த வழியே எனக்கு அடைபட்டிருக்கும்.

விதை அளவோடு இருக்கட்டும். ஒருமுறை போதும். மூன்று இடத்தில் "பெராப்பா ஓராங்" என்று வந்தால், முடிவில் இதுதான் வரப்போகிறது என்று வாசகர் ஊகித்துவிடுவார்.

எந்த இடத்தில் நிறுத்துவது?

காட்சி கிடைத்த பிறகும் அதை எங்கே வெட்டுவது என்ற கேள்வி இருக்கிறது. நடந்தது முழுவதும் இது: அந்தப் பெண் கிராம் கணக்கு கேட்டார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "பெராப்பா ஓராங்?" என்றார். பெண் இரண்டு விரலைக் காட்டினார். அம்மா கரண்டியை எடுத்து அள்ளினார். பையைக் கட்டிக் கொடுத்தார். பெண் காசு கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கேள்வியோடு நிறுத்திப் பார்த்தேன். கூர்மையாக இருந்தது, ஆனால் காட்சி அந்தரத்தில் தொங்கியது. வாசகர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் திரும்பும்போது பக்கம் முடிந்துவிடுகிறது. நன்றி சொல்லிப் போவதுவரை கொண்டுபோனால் எல்லாம் வழிந்து ஓடிவிடுகிறது. காசும் பையும் எந்தக் கடையிலும் நடப்பவை. இரண்டுக்கும் நடுவில், அம்மா கரண்டியை எடுக்கும் இடம் இருக்கிறது. அங்கே பதில் கிடைத்துவிட்டது என்பது தெரிகிறது, அளவு அந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு நடப்பது எதுவும் தொடக்கத்தின் கேள்வியைச் சேர்ந்ததல்ல.

பொதுவாக, உங்கள் காட்சியை நடந்தபடியே முழுதாக எழுதிவிட்டு, பின்னாலிருந்து ஒவ்வொரு வாக்கியமாக அடித்துக்கொண்டு வாருங்கள். எந்த வாக்கியத்தை அடித்தால் காட்சி புரியாமல் போகிறதோ, அதை மட்டும் திரும்ப வையுங்கள். அதுதான் உங்கள் கடைசி வாக்கியம்.

தமிழில் கடைசிச் சொல்

இந்த இடத்தில் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடிகிறது. கனமான பெயர்ச்சொல்லைக் கடைசியில் வைத்து நிறுத்துவது ஆங்கிலத்தில் எளிது. நாம் எழுதும்போது அந்தப் பெயர்ச்சொல் நடுவில் மாட்டிக்கொண்டு, கடைசியில் "இருக்கிறது", "வருகிறது", "ஆகும்", "என்றார்" ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாசகர் காதில் கடைசியாக விழுவது அந்த வெற்றுச் சொல். கட்டுரை இழுபட்டு முடிவதாகத் தோன்றுவதற்குப் பல சமயம் இதுவே காரணம்.

இதற்கு மூன்று வழிகளைக் கையாள்கிறேன்.

முதலாவது, வினைமுற்றையே கனமாக்குவது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக, இறந்தகாலத்தில், ஒரே சொல்லாக இருக்கட்டும். "அம்மா கரண்டியை எடுத்தார்" என்பதில் "எடுத்தார்" வெற்றுச் சொல் அல்ல. கை நகர்வது தெரிகிறது. அதையே "எடுத்துக்கொண்டிருந்தார்" என்று எழுதினால் செயல் முடியாமல் நீள்கிறது. "இன்றும் கடைக்கு வந்துகொண்டிருக்கிறார்" என்ற வகை முடிவுகள் மங்கலாகத் தோன்றுவது இதனால்தான், இலக்கணமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. "செய்துவருகிறார்", "என்று கூறலாம்", "என்றால் மிகையாகாது", "என்பதில் ஐயமில்லை" எல்லாம் இதே குடும்பம். கடைசி வாக்கியத்தில் துணைவினை இருந்தால் அதை நீக்க முடியுமா என்று பாருங்கள்.

இரண்டாவது, வினையே இல்லாத வாக்கியம். தமிழில் இது இயல்பானது. "மேசையில் மிச்சமிருந்தது தராசு மட்டும்." இப்படி எழுதினால் பெயர்ச்சொல் கடைசிக்கு வந்துவிடுகிறது, எங்கும் வளைத்ததுபோலத் தெரியவில்லை. வினையை முன்னால் இழுத்துப்போட்டு "காத்திருக்கின்றன ஆறு பாத்திரங்கள்" என்று எழுதுவது வேறு. அது கவிதையின் வரிசை. செய்திக் கட்டுரையின் கடைசியில் திடீரென்று வந்தால் எழுத்தாளர் மேடையேறியதுபோல் இருக்கும்.

மூன்றாவது, மேற்கோளோடு முடிப்பதென்றால் "என்றார்" எங்கே வரும் என்று கவனிப்பது. "'மூணு மணிக்கு எந்திரிக்கிற இந்தப் பொழப்பு அவளுக்கு வேணாம்' என்றார் அவர்" என்று முடித்தால், அம்மாவின் குரலுக்குப் பிறகு நிருபரின் குரல் வந்து முடித்துவைக்கிறது. பேசுகிறவர் யார் என்பதை முந்தைய வாக்கியத்திலேயே நிறுவிவிட்டால் "என்றார்" தேவைப்படாது. அவர் ஏதாவது செய்கிறார், பிறகு மேற்கோள் தனியே வருகிறது. என் பத்தியில் "அம்மா அவரைப் பார்த்தார்" என்று எழுதியபின் "பெராப்பா ஓராங்?" என்று மட்டும் வைத்தது இதற்காகத்தான்.

கடைசியில் மூன்று புள்ளி வைக்கும் பழக்கம் நம்மிடையே அதிகம். அதை எடுத்துவிட்டு ஒற்றைப் புள்ளி வைத்துப் பாருங்கள். வாக்கியம் தாங்கவில்லை என்றால், வாக்கியம்தான் குறை.

இந்த மாற்றங்களுக்குப் பிறகு கடைசிப் பத்தி இப்படி வந்தது:

"கடை மூட இரண்டு வாரம் இருக்கையில், தலைக்கு முக்காடிட்ட இளம்பெண் ஒருவர் வந்து நின்றார். பாட்டி இங்கேதான் வாங்குவாராம். மீன் சம்பாலுக்கு மிளகாய் எத்தனை கிராம், வெங்காயம் எத்தனை கிராம் என்று கேட்டு, எழுதிக்கொள்ளக் கைப்பேசியைத் திறந்தார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். 'பெராப்பா ஓராங்?' அந்தப் பெண் இரண்டு விரலைக் காட்டினார். அம்மா கரண்டியை எடுத்தார்."

மிச்சமிருக்கும் தகவலை என்ன செய்வது?

முதல் வரைவின் முடிவை எழுதும்போது இன்னொன்றையும் அதில் சேர்க்க நினைத்திருந்தேன். சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. பெருமையான தகவல், எனவே கடைசியில் மாலைபோலப் போடத் தோன்றும். ஆனால் அந்த அங்கீகாரம் உணவங்காடியில் சமைப்பது, சேர்ந்து உண்பது பற்றியது. ஈரச்சந்தையில் விழுது விற்கும் கடையை அதன் கீழ் கொண்டுவந்தால் வாசகருக்குத் தவறான எண்ணம் வரும். கடைசிப் பத்தியில் அதை விளக்கவும் இடமில்லை. தகவல் அவசியமென்றால் நடுவில், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வாக்கியம் சேர்த்து எழுதுங்கள். புள்ளிவிவரம், அமைப்பின் பெயர், முகவரி, அடுத்த நிகழ்ச்சியின் தேதி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தேதியும் இடமும் கட்டாயம் கடைசியில் வர வேண்டுமென்றால் கட்டுரைக்கு வெளியே சிறு பெட்டியில் கொடுக்கலாம்.

எல்லாக் கட்டுரைக்கும் காட்சிதான் முடிவு என்று நான் சொல்லவில்லை. மத்திய சேம நிதி விதி மாறியதால் ஒரு குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது என்று எழுதினால், அந்தக் குடும்பம் கடைசியில் என்ன முடிவெடுத்தது என்பதே வாசகர் காத்திருக்கும் பதில். அதை நேராகச் சொல்லி நிறுத்துங்கள். அங்கே ஜன்னலோரத் தேநீர்க் கோப்பையைக் காட்டினால் வாசகர் எரிச்சலடைவார்.

அச்சுக்குப் போகும் முன்

கட்டுரை உங்கள் கையைவிட்டுப் போன பிறகும் முடிவுக்கு ஆபத்து உண்டு. பக்கத்தில் 60 சொல் அதிகம் என்றால், செய்தி வெட்டிப் பழகிய கை அடியிலிருந்துதான் வெட்டும். என் முடிவு ஒருமுறை அப்படிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு கட்டுரையை அனுப்பும்போதே, வெட்ட நேர்ந்தால் நடுவில் எந்த இரண்டு பத்திகளை எடுக்கலாம் என்று துணையாசிரியருக்குக் குறித்து அனுப்புகிறேன். அவர்களுக்கும் அது வேலையைக் குறைக்கிறது. இந்தக் கட்டுரையில் வாடகை பற்றிய பத்தியைக் குறித்திருந்தேன்.

கடைசி வேலை, சரிபார்ப்பது. முழுக் கட்டுரையையும் சரிபார்ப்போம், ஆனால் கடைசிப் பத்தியைத் தனியாக, ஒவ்வொரு சொல்லாக. வாசகர் நினைவில் வைத்துக்கொண்டு பிறரிடம் சொல்லப்போவது அதைத்தான். கட்டுரையில் வருபவரும் அதைத்தான் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார். என் குறிப்பேட்டில் அந்தச் சனிக்கிழமையின் பக்கம் அவசரத்தில் எழுதியது. இரண்டு விரல் என்று இருந்தது, கரண்டி கீழே வைத்தது இருந்தது. "மீன்" என்ற சொல் மட்டும் கிறுக்கலாக, ஐயத்துக்கிடமாக இருந்தது. மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் அம்மாவை அழைத்தேன். கிராம் கணக்கு கேட்டு வந்ததே ஒரு மலாய்ப் பொண்ணு, அது மீன் சம்பாலுக்குத்தானேம்மா என்று கேட்டேன். அந்தப் பக்கம் அரவை இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"சோத்தோங், தம்பி. மீனுக்கும் சோத்தோங்குக்கும் ஒரே மசாலாவா?"